டெண்டரில் இஎம்டி: பணம் திரும்பும் நாளைக் கண்டுபிடிப்பது

"ராமநாதபுரத்தில், மீன் பெட்டியும் ஐஸ் பெட்டியும் செய்து விற்கும் ஒரு கம்பெனியில் போன மாதம் அக்கவுண்ட்ஸ் ஆபீசராகச் சேர்ந்தேன். முதலாளி 94 பக்க டெண்டரைக் கையில் கொடுத்து, 'இஎம்டி எவ்வளவு, எப்படிக் கட்டணும், எப்ப திரும்ப வரும்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்க' என்றார். ஒரு இடத்தில் இஎம்டி என்கிறது, இன்னொரு இடத்தில் பிட் செக்யூரிட்டி என்கிறது. இரண்டும் ஒன்றா? எங்கே ஆரம்பித்து எதையெல்லாம் எடுப்பது?"

இரண்டும் ஒன்றுதான். டெண்டர் போடும்போது பிணையாகக் கட்டும் எர்னஸ்ட் மணி டெபாசிட்டைத்தான் மாநில அலுவலகங்கள் இஎம்டி என்று எழுதும். தமிழ் அறிவிப்பில் அதுவே முன்வைப்புத் தொகை அல்லது பிணை வைப்புத் தொகை ஆகிவிடும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் அதை பிட் செக்யூரிட்டி என்கின்றன. பழைய டெண்டரிலிருந்து பாதி, புதிய மாதிரியிலிருந்து பாதி என்று ஒட்டித் தயாரிக்கிற ஆவணத்தில் இரண்டு பெயரும் கலந்து கிடக்கும். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி நிபந்தனைதான் கையில் கிடைக்கும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு. டெண்டர் கட்டணம் என்பது ஆவணத்தின் விலை, அது திரும்பாது. பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி அல்லது செக்யூரிட்டி டெபாசிட் என்பது ஜெயித்த பிறகு கட்டுவது. அதன் தொகை, காலம், திரும்பும் விதி எல்லாமே வேறு. நீங்கள் எழுதித் தரும் ஒரு பக்கத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குங்கள். டெண்டர் கட்டணத்தையும் இஎம்டியையும் கூட்டி "மொத்தம் இவ்வளவு" என்று எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? முதல் பக்கத்தில் இல்லை, கடைசித் திருத்த அறிவிப்பில். இதைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் நான் வேலை கற்றுக்கொண்டது அப்படித்தான். இஎம்டி பற்றிய செய்தி ஒரு டெண்டரில் குறைந்தது ஐந்து இடத்தில் இருக்கும்: முதல் பக்க அறிவிப்பு, ஏலதாரர்களுக்கான அறிவுரைகள், அந்த அறிவுரைகளை இந்த டெண்டருக்கென்று மாற்றி நிரப்பிய டேட்டா ஷீட், கடைசியில் பின்னிணைப்பாக வரும் பேங்க் கியாரண்டி மாதிரி, அப்புறம் தளத்தில் தனிக் கோப்பாகக் கிடக்கும் காரிஜெண்டம் என்கிற திருத்த அறிவிப்பு. முதல் பக்கத்தில் தொகையும் தேதியும் மட்டும் பளிச்சென்று இருக்கும். பணம் எப்போது திரும்பும், எப்போது பறிபோகும் என்பது அறிவுரைப் பகுதியில் எங்காவது பத்தியின் நடுவில் இருக்கும். டேட்டா ஷீட் அறிவுரையை மாற்றும், காரிஜெண்டம் அந்த டேட்டா ஷீட்டையே மாற்றும். ஆகவே புதியதிலிருந்து பழையதை நோக்கிப் படித்தால், செல்லாத வரியைக் குறித்து வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஆவணங்கள் முரண்பட்டால் எது நிற்கும் என்று சில டெண்டர்களில் ஒரு வரிசையே கொடுத்திருப்பார்கள். அது இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

தேட வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். கோப்பைத் திறந்து Ctrl+F அழுத்தி, கீழே உள்ளதை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

```
EMD
earnest
ernest
bid security
forfeit
refund
return
validity
exempt
beneficiary
```

மூன்றாவது சொல் என் எழுத்துப் பிழை இல்லை. அலுவலகங்களில் அப்படித் தட்டச்சு செய்வார்கள், அந்த ஒரு எழுத்தால் ஒரு முழுப் பத்தி கண்ணில் படாமல் போயிருக்கிறது. தேடும்போது ஒன்றுமே வரவில்லை என்றால், அது கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த பக்கமாக இருக்கும். ஏதாவது ஒரு வரியைச் சுட்டியால் தேர்வு செய்து பாருங்கள். எழுத்து நீலமாகவில்லை என்றால் படம்தான். அந்தப் பக்கங்களைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், பெரும்பாலும் பேங்க் கியாரண்டி மாதிரியும் காரிஜெண்டமும் அப்படித்தான் வரும்.

கிடைக்கும் ஒவ்வொரு வரியையும் உங்கள் நடையில் சுருக்கி எழுதாமல், இருக்கிறபடியே நகலெடுத்து, பக்கத்தில் பக்க எண்ணும் பிரிவு எண்ணும் போடுங்கள். பணம் கேட்டுக் கடிதம் எழுதும்போது அந்த எண்தான் வேலை செய்யும். "உங்கள் டெண்டர்படி பணம் தர வேண்டும்" என்ற கடிதம் மேசையில் கிடக்கும். "பிரிவு 14.3, பக்கம் 22" என்று போட்ட கடிதத்துக்குக் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

தொகையைக் குறித்ததும் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். பொது நிதி விதிகள் 2017-இன் விதி 170, பிட் செக்யூரிட்டியை மதிப்பீட்டின் 2 முதல் 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள் 2000 பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. உங்கள் பெருக்கலுக்கும் ஆவணத்தில் இருக்கும் தொகைக்கும் பெரிய தூரம் இருந்தால், ஒன்று பழைய டெண்டரின் எண்ணை மாற்ற மறந்திருப்பார்கள், அல்லது பல பொருள்களுக்கான மொத்தத் தொகையை நீங்கள் ஒரு பொருளுக்கானதாகப் படித்திருப்பீர்கள். இரண்டாவது அடிக்கடி நடக்கும். அட்டவணை ஒவ்வொன்றுக்கும் தனி இஎம்டி என்றால், நீங்கள் விலை கொடுக்கும் அட்டவணைகளுக்கு மட்டும் கட்டினால் போதும்.

இனி முக்கியமான இடம், தேதி. இதை எங்கள் கம்பெனியில் நடந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

ஒரு மத்திய அரசு அமைப்பு, சென்னையில் அலுவலகம். மீன் பெட்டிகள் சப்ளை, மதிப்பீடு 1 கோடியே 60 லட்சம், பிட் செக்யூரிட்டி 3 சதவீதம், அதாவது 4,80,000 ரூபாய். திறக்கும் நாள் 10 ஜூன் 2024. நம் பக்கம் இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பெட்டி வாங்கியவர்கள் "கடலுக்குப் போய்ட்டு வந்து தர்றேன்" என்பார்கள். அந்த நேரத்தில் ரொக்கமாக 4.8 லட்சத்தை முடக்க முதலாளிக்கு மனசில்லை. நமக்காக வங்கியே பொறுப்பேற்கும் பேங்க் கியாரண்டி எடுக்கலாம் என்றார். வங்கி தனக்குப் பிணையாக 25 சதவீதம் மார்ஜின் கேட்டது, 1,20,000 ரூபாய்க்கு வைப்பு ரசீது போட்டுக் கொடுத்தோம்.

வங்கியின் முதல் கேள்வி: "எந்தத் தேதி வரைக்கும் சார்?"

இந்த ஒரு கேள்விக்கு டெண்டரில் மூன்று பதில் இருந்தது. முதல் பக்கத்தில் விலைப்புள்ளி 120 நாள் செல்லுபடியாக வேண்டும் என்று இருந்தது. ஜூன் 10-லிருந்து 120 நாள் எண்ணினால் அக்டோபர் 8. அவசரத்தில் இருப்பவர் அதையே கியாரண்டிக்கும் கொடுத்துவிடுவார். அறிவுரைப் பகுதியிலோ, விலைப்புள்ளியின் காலம் முடிந்து மேலும் 45 நாள் வரை பிட் செக்யூரிட்டி உயிரோடு இருக்க வேண்டும் என்று இருந்தது. விதி 170-இலும் இதே 45 நாள்தான். அப்படியானால் நவம்பர் 22. கடைசியில் இருந்த கியாரண்டி மாதிரியைப் பார்த்தால், அதில் 30 நாள் என்று அச்சாகியிருந்தது. அது வேறு டெண்டரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்குக்கு நவம்பர் 7. வங்கி மாதிரியைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்யும், அவர்கள் வேலை அது. நாம் சொல்லாவிட்டால் நவம்பர் 7 என்றே வந்திருக்கும், 15 நாள் குறைகிறது என்று தொழில்நுட்பச் சுற்றிலேயே தள்ளியிருப்பார்கள்.

முரண்பாடு இருந்தால் நீண்ட தேதியைப் போடுங்கள். அதிகமாக இருக்கிறது என்று ஒருவரும் நிராகரிப்பதில்லை, கமிஷன் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நேரம் இருந்தால் டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலோ எழுத்து மூலமோ கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் "அது பரவாயில்லைங்க" என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள், மதிப்பீட்டுக் குழுவில் அந்தக் குரல் இருக்காது.

நவம்பர் 22 போட்டு கியாரண்டி வந்தது. கதை அங்கே முடியவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒரு காரிஜெண்டம் ஏறியது. தலைப்பில் "பொருள் விவரத்தில் திருத்தம்" என்றுதான் இருந்தது. மூடியின் தடிமனை மாற்றியிருந்தார்கள். உற்பத்திப் பிரிவு அதைப் பார்த்தது, கணக்குப் பிரிவான நாங்கள் பார்க்கவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: திறக்கும் நாள் ஜூன் 24-க்குத் தள்ளிவைக்கப்படுகிறது. 14 நாள் கூடுதலாகக் கிடைத்தது என்று உற்பத்திப் பிரிவில் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் திறக்கும் நாள் நகர்ந்தால் அதிலிருந்து எண்ணுகிற எல்லாமே நகரும். 120 நாள் என்பது அக்டோபர் 22 ஆகிறது, அதற்கு மேல் 45 நாள் டிசம்பர் 6. எங்கள் கையில் இருந்த கியாரண்டி நவம்பர் 22-இல் செத்துவிடும். 14 நாள் குறைவு.

இதை நான் கண்டது ஜூன் 20, வியாழன் சாயங்காலம். ஜூன் 22 நான்காவது சனி, வங்கி விடுமுறை. 23 ஞாயிறு. 24 திங்கள் பிற்பகலில் டெண்டர் பெட்டி மூடுகிறது, அசல் கியாரண்டி அதற்குள் சென்னையில் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒரு நாள். காலை பத்து மணிக்குக் கிளை மேலாளர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் மதுரைக்கு அனுப்பி அனுமதி வாங்கி, திருத்தக் கடிதம் கையில் வரும்போது மணி ஐந்தரை. எங்கள் ஆள் ஒருவர் இரவு ரயிலில் சென்னைக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து எங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தில் தேதிக்குப் பக்கத்தில் அது எந்த நாளிலிருந்து எண்ணியது என்பதையும் எழுதுகிறேன். "06-12-2024" என்று மட்டும் எழுதினால் அது வெறும் தேதி. "திறக்கும் நாள் + 120 + 45" என்று பக்கத்தில் இருந்தால், திறக்கும் நாள் மாறியதும் யாருக்கும் உறைக்கும். சில டெண்டர் திறக்கும் நாளிலிருந்து எண்ணும், சில சமர்ப்பிக்கும் கடைசி நாளிலிருந்து எண்ணும். அந்தச் சொல்லையும் அப்படியே எழுதிவையுங்கள்.

கியாரண்டி என்றால் இன்னும் ஒரு விவரம் தேட வேண்டும். பெறுபவர் பெயர், அவர்களுடைய வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண். நிறைய அலுவலகங்கள் வங்கிக்கு வங்கி போகும் எஸ்எஃப்எம்எஸ் செய்தி வந்தால்தான் கியாரண்டியை உண்மையென்று ஏற்கும். அந்த எண் பின்னிணைப்பின் அடிக்குறிப்பில் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். டிமாண்ட் டிராஃப்ட் என்றால் எந்தப் பதவியின் பெயரில், எந்த ஊரில் மாற்றத்தக்கது என்பது. வைப்பு ரசீது என்றால் அந்த அதிகாரியின் பெயரில் லியன் குறிக்க வேண்டும், அதாவது அவர் விடுவிக்காமல் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. ரசீதுக்கு வட்டி உங்களுக்கே ஓடும் என்பது அதில் உள்ள லாபம். டிராஃப்டாகவோ ஆன்லைனிலோ கட்டியதற்கு "வட்டி கிடையாது" என்ற வரி எங்காவது இருந்தே தீரும்.

ஆன்லைனில் கட்டுவதானால் எந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறீர்கள் என்பதை யோசித்துக் கட்டுங்கள். tntenders.gov.in போன்ற தளங்களில் பணம் புறப்பட்ட கணக்குக்கே திரும்பும். கடைசி நேரத்தில் கம்பெனிக் கணக்கில் வரம்பு போதவில்லை என்று பங்குதாரர் ஒருவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினால், ஐந்து மாதம் கழித்து அவர் கணக்கில் ஓசையில்லாமல் வந்து விழும். நீங்கள் இங்கே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நெஃப்ட் வழியில் கட்டினால் தளம் தரும் சலான் அந்த ஒரு டெண்டருக்கும் அந்த ஒரு தொகைக்கும் மட்டுமே. ரூபாய் குறைந்தாலும் கூடினாலும் பொருந்தாது.

இனி நீங்கள் கேட்டதில் கடைசிப் பாதி, எப்போது திரும்பும். ஆவணத்தில் பெரும்பாலும் தேதி இருக்காது, ஒரு நிகழ்ச்சி இருக்கும். "இன்னது நடந்த பிறகு" என்று எழுதியிருப்பார்கள். அந்த நிகழ்ச்சி எது என்பதைப் பிரித்து எடுப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. நான்கு வழிகளில் ஒரு டெண்டர் முடியும், நான்குக்கும் பணம் திரும்பும் வாசல் வேறு.

தொழில்நுட்பச் சுற்றில் தோற்றால், தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனியாகப் போகும் இரண்டு உறை டெண்டரில் அந்த முடிவை அறிவித்த 30 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று விதி 170 சொல்கிறது. ஜூலை 19 அறிவித்தால் ஆகஸ்ட் 18. விலையில் தோற்றால், விலைப்புள்ளியின் காலம் முடிந்ததும் கூடிய சீக்கிரம், எப்படியும் ஒப்பந்தம் வழங்கிய 30-ஆம் நாளுக்குள். நாங்கள் அந்த மீன் பெட்டி டெண்டரில் விலையில் தோற்றோம். இன்னொரு கம்பெனிக்கு செப்டம்பர் 3 அன்று ஆர்டர் போனது. ஆகவே அக்டோபர் 3 எங்கள் தேதி. ஜெயித்தால், பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி கட்டிய பிறகு திரும்பும். ஆனால் ரயில்வே வேலை ஒப்பந்தம் போன்றவற்றில் திரும்பாது, செக்யூரிட்டி டெபாசிட்டின் ஒரு பகுதியாக அப்படியே வைத்துக்கொள்வார்கள். இதைக் குறிக்காமல் விட்டால், முதலாளி வரப்போகிறது என்று நம்பிய பணம் வேலை முடியும் வரை வராது. நான்காவது, டெண்டரே ரத்தானால். இதற்கு நிறைய ஆவணங்களில் ஒரு வரிகூட இருக்காது. இல்லை என்பதையும் சுருக்கத்தில் எழுதுங்கள்: "ரத்தானால் திருப்புவது பற்றி ஆவணத்தில் ஒன்றும் இல்லை". அப்போதுதான் ரத்து அறிவிப்பு வந்த அன்றே கடிதம் போட வேண்டும் என்று தெரியும்.

மாநில அலுவலகங்கள், ஊராட்சி ஒன்றியங்கள் இவற்றின் டெண்டருக்கு மேலே சொன்ன 30 நாளைப் பொருத்திப் பார்க்காதீர்கள். அது மத்திய விதி. மண்டபம் ஒன்றியத்திலோ திருப்புல்லாணி ஒன்றியத்திலோ வரும் டெண்டரில் அந்த ஆவணம் என்ன சொல்கிறதோ அதுதான், பல நேரம் நாள் கணக்கே இருக்காது. அப்படி இருந்தால் முதலாளிக்குத் தேதி கொடுக்காதீர்கள். "ஒப்பந்தம் வழங்கியதும் கேட்க வேண்டும்" என்று எழுதி, அந்த முடிவு தளத்தில் ஏறுகிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க ஒரு பெயரைப் போடுங்கள்.

தளத்தைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆன்லைனில் கட்டிய பணம் தானாகத் திரும்பும் என்பது பாதி உண்மை. அலுவலகம் மதிப்பீட்டு முடிவையும் ஒப்பந்தம் வழங்கியதையும் தளத்தில் ஏற்றினால்தான் அந்தத் தானியங்கி நகரும். வேலை நடந்துகொண்டிருக்கும், ரோடும் போட்டு முடித்திருப்பார்கள், தளத்தில் மட்டும் அந்த டெண்டர் இன்னும் விலைத் திறப்பிலேயே நிற்கும். அப்போது "பணம் கொடுங்கள்" என்று எழுதுவதைவிட "தளத்தில் ஒப்பந்தம் வழங்கிய நிலையை ஏற்றித் தாருங்கள்" என்று எழுதுங்கள். அங்கே இருப்பவருக்குச் செய்ய ஒரு வேலை தெரியும்.

பறிபோகும் நிபந்தனைகளில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், மற்றவை நிர்வாகத்தின் கவலை. காலம் முடியுமுன் விலைப்புள்ளியை வாபஸ் வாங்கினாலோ மாற்றினாலோ போகும், பொய்ச் சான்று கொடுத்தால் போகும், அவை எல்லாருக்கும் தெரியும். ஜெயித்தபின் பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டியை இத்தனை நாளுக்குள் கட்டாவிட்டால் போகும் என்ற வரிதான் உங்களுடையது. அந்த நாள் எண்ணிக்கையை எடுத்து, ஆர்டர் கடிதத்தின் தேதியிலிருந்தா, கைக்குக் கிடைத்த தேதியிலிருந்தா என்று பாருங்கள். தடைக்காலத்தில் ஆர்டர் வந்தால் அந்தப் பணத்தை எங்கே புரட்டுவது என்பதை அன்று யோசித்தால் தாமதம். விலைப்புள்ளியின் காலத்தை நீட்டிக்கச் சொல்லி அலுவலகம் கடிதம் அனுப்பினால், மறுக்கலாமா, மறுத்தால் பறிபோகுமா என்ற வரியும் பக்கத்திலேயே இருக்கும். வழக்கமான ஆவணங்களில் மறுக்கலாம், பறிபோகாது. ஒப்புக்கொண்டால் கியாரண்டியையும் சேர்த்து நீட்ட வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

விலக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று இருக்கிறது, இஎம்டி கட்ட வேண்டாம் என்று விற்பனைப் பிரிவு சொல்லும். மத்திய டெண்டரில் சிறு, குறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அந்தக் கொள்கை பொருளும் சேவையும் வாங்குவதற்கு. கட்டுமான வேலை ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் பொருந்தாது. நீங்கள் பெட்டி செய்து விற்கும் கம்பெனி, பெட்டிக்கு விலக்கு கிடைக்கலாம். அதே கம்பெனி மீன் இறங்குதளத்தில் கூரை போடும் வேலைக்கு டெண்டர் போட்டால் கட்டியாக வேண்டும். சான்றில் இருக்கும் தொழில் வகையும் டெண்டரின் பொருளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாநில டெண்டரில் விலக்குக்குத் தனி நிபந்தனை, தனிச் சான்று இருக்கும். அந்த ஆவணம் கேட்கும் சான்றின் பெயரையே குறியுங்கள். விலக்கு கேட்டு அது மறுக்கப்பட்டால் பிறகு பணம் கட்ட வாய்ப்புத் தர மாட்டார்கள், நேரே வெளியே.

கணக்கில் எப்படி வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "இஎம்டி" என்று ஒரே லெட்ஜர் வைத்து எல்லா டெண்டரையும் அதில் கொட்டாதீர்கள். டாலியில் ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு லெட்ஜர், டெபாசிட் என்ற சொத்துத் தலைப்பின் கீழ். பெயரில் அலுவலகத்தோடு டெண்டர் எண், விவரத்தில் பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண். நான் சேர்ந்தபோது எங்களிடம் ஒரே லெட்ஜர்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு மேல் நகராமல் 62,000 ரூபாய் அதில் நின்றது. எந்த அலுவலகம், எந்த டெண்டர் என்று பழைய கோப்புகளைப் பிரித்து ஒரு வாரம் தேடினேன். கடைசியில் ஒரு மாவட்ட அலுவலகம் என்று கண்டுபிடித்துப் போனால், நெடுநாள் யாரும் கேட்காத டெபாசிட் என்று அரசு வருவாயில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து திரும்ப வாங்கத் தனி உத்தரவு வேண்டும், அசல் ரசீது வேண்டும். அசல் ரசீது எங்களிடம் இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான், குறை எங்கள் பக்கம்.

கியாரண்டிக்கு லெட்ஜரில் 4.8 லட்சம் வராது, மார்ஜின் வைப்பு ரசீது 1,20,000 மட்டுமே வரும். அதனாலேயே எல்லோரும் அதை மறப்பார்கள். தேதி முடிந்துவிட்டது, கியாரண்டி செத்துவிட்டது, மார்ஜின் தானாக விடுபடும் என்று நினைக்காதீர்கள். அசல் கியாரண்டியோ அலுவலகத்தின் விடுவிப்புக் கடிதமோ வந்தால்தான் வங்கி லியனை எடுக்கும். எங்கள் விஷயத்தில் அக்டோபர் 3 தாண்டியது, ஒன்றும் வரவில்லை. அக்டோபர் 7 திங்கள் காலை கடிதம் போனது, மூன்றே வரி: டெண்டர் எண், பிரிவு எண்ணும் பக்க எண்ணும், ஒப்பந்தம் வழங்கிய தேதி, கியாரண்டி எண். நவம்பர் இரண்டாம் வாரம் அசல் தபாலில் வந்தது. அன்றே வங்கிக்கு எடுத்துப்போய், லியன் எடுத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் முதலாளிக்குத் தரும் பக்கத்துக்கு மாதிரியாக, அந்த மீன் பெட்டி டெண்டருக்கு நான் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: தொகை 4,80,000, 3 சதவீதம், பக்கம் 3. வடிவம் கியாரண்டி, ஆன்லைன், வைப்பு ரசீது, பக்கம் 21. காலம் டிசம்பர் 6 வரை, திறக்கும் நாள் ஜூன் 24 + 120 + 45, பக்கம் 22, காரிஜெண்டம் 1 பக்கம் 2. மாதிரியில் 30 நாள் என்று உள்ளது, 45 எடுத்துக்கொள்ளப்பட்டது, பக்கம் 88. தோற்றால் ஒப்பந்தம் வழங்கி 30 நாள், ஜெயித்தால் பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி கட்டியபின், ரத்தானால் ஒன்றும் சொல்லவில்லை. வட்டி இல்லை. கீழே பென்சிலில், காரிஜெண்டம் கடைசியாகப் பார்த்த தேதியும் பார்த்தவரின் கையெழுத்தும். பென்சில் எதற்கு என்றால், டெண்டர் பெட்டி மூடும் நாள் வரை அந்தத் தேதியைத் தினமும் அழித்து எழுத வேண்டியிருக்கும்.